எண் மெய், படம் பொய்

பொதுத்தேர்வு முடிவுகள் வெளிவந்த மறுநாள் நாளிதழைப் பிரிப்பவருக்குச் செய்தியைவிட விளம்பரமே முதலில் கண்ணில் படுகிறது. முழுப்பக்க அளவில் பயிற்சி நிலையங்களின் அறிவிப்புகள். மதிப்பெண்களோடு மாணவர்களின் ஒளிப்படங்கள். அவற்றுக்கு நடுவே வண்ணப் பட்டைகளால் ஆன ஒரு விளக்கப்படம். ஒளிப்படங்களைப் பெற்றோர் ஒவ்வொன்றாகப் பார்க்கின்றனர். பட்டைகளை அவ்வாறு எவரும் படிப்பதில்லை. ஒரு நொடி பார்க்கின்றனர், வளர்ச்சி வளர்ச்சி என்று மனம் குறித்துக்கொள்கிறது, பக்கம் திரும்பிவிடுகிறது. அந்த ஒரு நொடியை நம்பித்தான் விளக்கப்படம் அங்கே அச்சிடப்படுகிறது. அதன் விளைவாக ஒரு வீட்டில் நகை அடகுக்குப் போகலாம். பிள்ளை ஊரை விட்டு விடுதிக்குப் போகலாம்.

அத்தகைய விளம்பரம் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஒரு பயிற்சி நிலையம் தன்னிடம் பயின்றோரின் தேர்ச்சி விழுக்காட்டை மூன்று பட்டைகளாக வரைந்திருக்கிறது. முதலாண்டு 92, இரண்டாம் ஆண்டு 94, மூன்றாம் ஆண்டு 96. ஒவ்வொரு பட்டையின் தலையிலும் அதற்குரிய எண் தெளிவாக அச்சாகியிருக்கிறது. எண்களில் தவறேதும் இல்லை என்றே கொள்வோம். முதற்பட்டை சாம்பல் நிறத்தில் குட்டையாக நிற்கிறது. மூன்றாவது பட்டை செந்நிறத்தில் பக்கத்தின் தலைப்பைத் தொட்டுவிடும் உயரத்தில் நிற்கிறது. மேலே, ‘ஆண்டுதோறும் அசுர வளர்ச்சி’ என்று ஒரு தொடர்.

இவ்விளம்பரத்தின்மீது வாசகர் ஒருவருக்கு ஐயம் எழுகிறது. அவர் செய்யவேண்டிய முதல் வேலை, வீட்டிலுள்ள அளவுகோலை எடுத்துப் பட்டைகளை அளப்பது. முதற்பட்டை 1 செ.மீ., இரண்டாவது 3 செ.மீ., மூன்றாவது 5 செ.மீ. எனில், கண்ணுக்குக் கிடைத்த செய்தி ஒன்று: மூன்றாம் ஆண்டு முதலாம் ஆண்டைப்போல் ஐந்து மடங்கு. எண்கள் தரும் செய்தி வேறு: 92 என்பது 96 ஆகியிருக்கிறது. ஒரு விழுக்காட்டுப் புள்ளிக்கு 1 செ.மீ. என்ற அளவுத்திட்டத்தில் இப்படம் வரையப்பட்டிருக்கிறது. ஆனால் பட்டைகள் சுழியிலிருந்து தொடங்கவில்லை, 91இலிருந்து தொடங்குகின்றன. அதாவது ஒவ்வொரு பட்டையின் அடியிலிருந்தும் 91 புள்ளி உயரத்தை வெட்டி எறிந்துவிட்டு, எஞ்சிய நுனிகளை மட்டும் தரையில் நட்டு வைத்திருக்கிறார்கள். மூன்று தென்னைகளின் அடிமரத்தை வெட்டி நீக்கிவிட்டு உச்சிகளை மட்டும் மண்ணில் ஊன்றினால், ஒரு முழம் உயரம் கூடிய மரம் மற்றொன்றைப்போல் ஐந்து மடங்காகத் தெரிவதில் வியப்பென்ன?

செங்குத்து அச்சு வரையப்பட்டிருந்தால் இது உடனே தெரிந்திருக்கும். அச்சின் அடியில் 91 என்ற எண் நின்று காட்டிக்கொடுத்திருக்கும். ஆகவேதான் இத்தகைய படங்களில் பெரும்பாலும் அந்த அச்சே இருப்பதில்லை. பட்டைகள் ஒரு வெண்தளத்தில் மிதக்கின்றன. அச்சில்லாத பட்டைப்படத்தைக் கண்டால் ஐயுறுவதற்கு அது ஒன்றே போதும்.

இந்தப் பிறழ்வை ஓர் எண்ணாகவே கூறமுடியும். அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட் டஃப்டி 1983இல் வெளியிட்ட நூலில் அதற்கு ஓர் அளவையைத் தந்தார். படத்தில் காணும் மாற்றத்தைத் தரவில் உள்ள மாற்றத்தால் வகுக்க வேண்டும். படம் நேர்மையானது என்றால் விடை 1 ஆகவோ அதையொட்டியோ இருக்கும். நம் விளம்பரத்தில் பட்டை 1 செ.மீ.இலிருந்து 5 செ.மீ. ஆகியிருக்கிறது, இது 400 விழுக்காடு உயர்வு. தரவில் 92 என்பது 96 ஆகியிருக்கிறது. இது ஏறத்தாழ 4.35 விழுக்காடு உயர்வு. 400ஐ 4.35ஆல் வகுத்தால் ஏறத்தாழ 92 கிடைக்கிறது. உள்ள மாற்றத்தைப் படம் 92 மடங்காகப் பெருக்கிக் காட்டியிருக்கிறது. டஃப்டி தம் அளவைக்குச் சூட்டிய ஆங்கிலப் பெயரைத் தமிழில் ‘பொய்மைக் காரணி’ எனலாம். கடுமையான பெயர்தான், ஆயினும் பொருத்தமானது.

அதே மூன்று எண்களைச் சுழியிலிருந்து வரைந்து பார்ப்பது அளவையைவிடவும் எளிது. 96க்கு 5 செ.மீ. உயரம் கொடுத்தால் 94க்கு 4.9 செ.மீ. வரும், 92க்கு 4.8 செ.மீ. வரும். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ச்சி! மூன்று பட்டைகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் தோள் சேர்த்து நிற்கும். அப்படி ஒரு படத்துக்காக எந்த நிறுவனமும் முழுப்பக்கக் கட்டணம் செலுத்தாது.

இந்த உத்தி புதிதன்று. பயிற்சி நிலையங்கள் மட்டுமே கையாள்வதும் அன்று. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் செவ்ரொலே நிறுவனம் தன் சரக்கு வாகனங்களுக்காக ஒரு விளம்பரம் செய்தது. கடந்த பத்தாண்டுகளில் விற்ற தன் வாகனங்களில் 98 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை இன்னும் சாலையில் ஓடுகின்றன என்பது அதன் கூற்று. பக்கத்தில் நான்கு நிறுவனங்களின் பட்டைகள் வரையப்பட்டிருந்தன. செவ்ரொலேயின் பட்டை ஓங்கி நின்றது. கடைசி நிறுவனத்தின் பட்டை தரையோடு ஒட்டிக் கிடந்தது. பார்ப்பவர், மற்ற வாகனங்கள் எல்லாம் பழுதாகிக் குப்பைக்குப் போய்விட்டன என்றே எண்ணுவார். ஆனால் அப்படத்தின் அச்சு 95இல் தொடங்கி 100இல் முடிந்தது. அத்தகைய அச்சில் 96 விழுக்காட்டுக்கு ஒரு பங்கு உயரமும் 98 விழுக்காட்டுக்கு மூன்று பங்கு உயரமும் கிடைத்துவிடும். உண்மையில் நான்கு நிறுவனங்களின் வாகனங்களும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பல புள்ளியியல் ஆசிரியர்கள் இவ்விளம்பரத்தை வகுப்பறைக்குக் கொண்டுவந்து பாடமாக்கினர். அதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பத்தாண்டுகளில் விற்றவை என்னும் தொகுப்பில் போன மாதம் விற்ற வாகனமும் அடங்கும். அண்மையில் மிகுதியாக விற்ற நிறுவனத்தின் வாகனங்களில் பெரும்பாலானவை புதியனவாகவே இருக்கும். புதியவை ஓடுவதில் பெருமை கொள்ள என்ன இருக்கிறது? இந்த இரண்டாம் நுட்பத்துக்கு நம் விளம்பரத்திலும் ஓர் இணை உண்டு; அதைப் பின்னர்க் காண்போம்.

பட்டைப்படம் சுழியில் தொடங்கவேண்டும் என்பதற்குக் காரணம் மரபு மட்டுமன்று. ஸ்காட்லாந்தில் பிறந்த வில்லியம் பிளேஃபேர் 1786இல் இலண்டனில் வெளியிட்ட நூலில், ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி இறக்குமதிகளைப் பட்டைகளாக வரைந்தார். நாடுதோறும் நடந்த வணிகத்தின் அளவைப் பட்டையின் நீளம் உணர்த்தியது. ஒரு பட்டை மற்றொன்றைப்போல் இருமடங்கு நீண்டிருந்தால் வணிகமும் இருமடங்கு; அந்த ஒப்பந்தமே பட்டைப்படத்தின் உயிர். அடியை வெட்டியதும் ஒப்பந்தம் முறிந்துவிடுகிறது. நீளம் எதையும் உணர்த்தாத வெறும் வண்ணமாகிவிடுகிறது.

ஆனால் இதிலிருந்து, எல்லா வரைபடங்களும் சுழியில் தொடங்கியாக வேண்டும் என்ற முடிவுக்குத் தாவுவது பிழை. ஆர்வமிகுதியால் இப்பிழையைச் செய்யும் கடிதங்கள் ஒரே வரி மறுப்பில் விழுந்துவிடும். மருத்துவமனைக் கட்டிலில் தொங்கும் காய்ச்சல் அட்டையை நினைத்துப் பார்க்கலாம். உடல் வெப்பம் 98.6 பாரன்ஹீட்டிலிருந்து 103க்கு ஏறுவது உயிரைப் பற்றிய செய்தி. அந்த அட்டையைச் சுழியிலிருந்து வரைந்தால் கோடு ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். செவிலியர் காய்ச்சலையே காணமாட்டார். கோட்டு வரைபடத்தில் கண் நீளத்தைப் பார்ப்பதில்லை. ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது. எனவே அதன் அச்சு எங்குத் தொடங்கினாலும், எங்குத் தொடங்குகிறது என்பது தெளிவாக எழுதப்பட்டிருந்தால் குற்றமில்லை. முறையீடு எழுதுபவர், தாம் குறை கூறுவது பட்டைப்படத்தையா கோட்டுப்படத்தையா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

விளம்பரதாரர் தரப்பில் ஒரு நியாயமான விடையும் உண்டு. அதை மறைத்து எழுதும் கடிதம் நேர்மையற்றது. தேர்ச்சி 92இலிருந்து 96 ஆனது என்பதை மறுபுறமாகத் திருப்பினால், தோல்வி 8 விழுக்காட்டிலிருந்து 4 ஆகக் குறைந்திருக்கிறது. அதாவது சரிபாதி. ‘எங்களிடம் தோல்வியடைவோர் பாதியாகக் குறைந்துவிட்டனர்’ என்று அந்நிலையம் எழுதி, தோல்வி விழுக்காட்டைச் சுழியிலிருந்து பட்டைகளாக வரைந்திருந்தால், ஒரு பட்டை மற்றொன்றில் பாதியாக இருக்கும். படமும் மெய்யாக இருக்கும். செய்தியும் வலிமையாக இருக்கும். ஆனால் விளம்பரம் தோல்வி என்ற சொல்லைத் தொட அஞ்சுகிறது. வெற்றியைப் பேசியே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தில், 92ஐயும் 96ஐயும் வைத்துக்கொண்டு ஐந்து மடங்கு வளர்ச்சியைக் காட்ட முயல்கிறது. ஆகவே கடிதத்தின் குறை, ‘வளர்ச்சியே இல்லை’ என்பதாக இருத்தல் கூடாது. வளர்ச்சி இருக்கலாம், அதன் அளவைப் படம் பொய்யாகச் சொல்கிறது என்பதே குறை.

இனிச் செவ்ரொலே விளம்பரத்தின் இரண்டாம் நுட்பத்துக்குத் திரும்பலாம். விழுக்காடு என்பது எதனுள் எத்தனை என்ற கேள்விக்கான விடை. நம் விளம்பரம் அந்த ‘எதனுள்’ என்பதைச் சொல்லவேயில்லை. அந்நிலையத்தில் ஆண்டுக்கு 50 மாணவர் தேர்வெழுதினர் என்று கொண்டால், 92 விழுக்காடு என்பது 46 பேர். 94 என்பது 47 பேர். 96 என்பது 48 பேர். ஆண்டுக்கு ஒரேயொரு மாணவர் கூடுதலாகத் தேறியிருக்கிறார்! அசுர வளர்ச்சி என்று பட்டை முழங்கியது அந்த ஒரு மாணவரைத்தான். ஒரு தேர்வு நாளில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்திருந்தால் அந்த வளர்ச்சி நின்றிருக்கும். மாறாக, தேர்வெழுதியோர் 5,000 பேர் என்றால் ஆண்டுக்கு 100 பேர் கூடுதல். அது தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாது. எண்ணிக்கை தெரியாதவரை எது உண்மை என்று வாசகரால் சொல்ல இயலாது. சேர்ந்தவர் அனைவரும் கணக்கில் வந்தனரா, தேறமாட்டார் எனக் கருதப்பட்டு இடையில் அனுப்பப்பட்டோர் விடுபட்டனரா என்பதும் அதே போன்ற கேள்வி.

‘எண்தான் பட்டையின் தலையிலேயே அச்சாகியிருக்கிறதே, படிக்கத் தெரிந்தவர் படித்துக்கொள்ளட்டும், இதில் ஏமாற்று எங்கே?’ என்று கேட்பவர் உண்டு. இவ்வாதம் கேட்பதற்குச் சரியாகத் தோன்றும். ஆனால் எண்ணே போதும் என்றால் படம் எதற்கு? மூன்று எண்களை மூன்று வரிகளில் எழுதிவிட்டுப் போயிருக்கலாமே. எண்ணைப் படிக்காத கண்ணுக்காகத்தான் படம் வரையப்படுகிறது. அந்தக் கண்ணிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு, கேள்வி கேட்பவரிடம் எண்ணைச் சுட்டிக்காட்டித் தப்புவது, தராசில் எடை குறைத்துவிட்டு விலைப்பட்டியலில் பிழையில்லையே என்று சொல்வதற்கு ஒப்பாகும். எழுத்தறிவு குறைந்த பெற்றோர் படத்தையே நம்பி நிற்பவர்கள்; அவர்களுக்கே இப்படத்தால் இழப்பு மிகுதி.

சட்டமும் இவ்வாதத்தை ஏற்பதாகத் தெரியவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை வரையறுக்கும்போது, பொய்யான விவரிப்போடு நின்றுவிடவில்லை. பொருளின் அல்லது சேவையின் தன்மை, அளவு, தரம் ஆகியவற்றைப் பற்றி நுகர்வோரைத் தவறாக எண்ணவைக்கக் கூடியதையும், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் அதில் சேர்த்திருக்கிறது. அச்சட்டத்தின்கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், முதல் மீறலுக்கு 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். பயிற்சி நிலைய விளம்பரங்களுக்கெனவே 2024 நவம்பரில் அது தனி வழிகாட்டுநெறிகளையும் வெளியிட்டது. விளம்பரத் துறையினர் தமக்குத் தாமே 1985இல் அமைத்துக்கொண்ட இந்திய விளம்பரத் தர மன்றமும் முறையீடுகளை ஏற்று ஆராய்கிறது.

இத்தனை வாயில்கள் இருக்க, நாளிதழின் ஆசிரியருக்கு ஏன் எழுதவேண்டும்? ஏமாற்றியவர் ஒருவர், முறையீடு வேறொருவரிடமா? இக்கேள்விக்கான விடை அதே சட்டத்தில் இருக்கிறது. வழக்கமான தொழிற்போக்கில் ஒரு விளம்பரத்தை வெளியிட்டதாக மெய்ப்பித்தால், வெளியிட்டவருக்குத் தண்டம் இல்லை; அவ்விளம்பரத்தைத் திரும்பப் பெறுமாறோ திருத்துமாறோ ஆணையம் இட்ட உத்தரவை முன்பே அறிந்திருந்தால் மட்டுமே அந்தப் பாதுகாப்பு அவருக்குக் கிட்டாது. ஆகவே முதல்முறை வெளிவந்த விளம்பரத்துக்கு இதழைச் சட்டம் பெரும்பாலும் தொடுவதில்லை. சட்டம் கைவிட்ட அந்த இடத்தில்தான் வாசகரின் கடிதம் வேலை செய்கிறது. இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நடத்தை நெறிகளின்படி, இதழில் வரும் அனைத்துக்கும், விளம்பரம் உட்பட, ஆசிரியரே பொறுப்பு. பல இதழ்கள், விளம்பரங்களின் உண்மைக்குத் தாம் பொறுப்பல்ல என்று ஒரு மூலையில் மிகச் சிறிய எழுத்தில் அச்சிடுகின்றன. அந்த எழுத்தின் அளவைப் பட்டையின் உயரத்தோடு ஒப்பிட்டால் அந்த அறிவிப்பு எவர் படிப்பதற்கு என்ற ஐயம் எழும். மேலும் ஒன்று: விளம்பரம் எந்த வாசகர்களைச் சென்றடைந்ததோ அதே வாசகர்களைச் சென்றடையும் வாய்ப்பு ஆசிரியருக்கு எழுதும் கடிதத்துக்கே உண்டு. ஆணையத்துக்கு அனுப்பும் முறையீட்டை அந்தப் பெற்றோர் படிக்கப்போவதில்லை.

அச்சில் ஏறவேண்டிய கடிதம் சுருக்கமாக இருக்கவேண்டும். இருநூறு சொற்களைத் தாண்டினால் துணையாசிரியரின் கத்தரிக்கோல் எந்த வரியில் விழும் என்று கூறமுடியாது. பெரும்பாலும் அளவுகளைக் கூறும் வரியிலேயே விழும். நாள், பதிப்பு, பக்க எண் ஆகியவை இன்றியமையாதவை. இதழின் அலுவலகத்தில் ஒருவர் அப்பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் கடிதத்தைச் சரிபார்ப்பார். ‘மோசடி’, ‘கொள்ளை’ போன்ற சொற்கள் கடிதத்தைக் கொன்றுவிடும். அவதூறு வழக்குக்கு எழுதியவரோடு இதழும் விடைசொல்ல நேரிடும் என்பதால் ஆசிரியர் அத்தகைய கடிதத்தை ஒதுக்கிவிடுவார். அதைவிட முக்கியமானது, அச்சொற்களுக்கு உரிய சான்று எழுதுபவரிடம் இல்லை என்பது. எக்செல் போன்ற மென்பொருள்கள், எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும்போது, அச்சைத் தாமாகவே சுழியல்லாத ஓரிடத்திலிருந்து தொடங்கிவிடுவதுண்டு. வடிவமைப்பாளர் அதைக் கவனியாமல் விட்டிருக்கலாம். உள்நோக்கம் எவர்க்கும் தெரியாது; உயரம் தெரியும். அளக்கக்கூடியதை மட்டும் எழுதினால் மறுப்பதற்கு எதிர்த்தரப்பு அளவுகோலோடுதான் வரவேண்டியிருக்கும்.

நாம் எடுத்துக்கொண்ட விளம்பரத்துக்கு அத்தகைய கடிதம் ஏறத்தாழப் பின்வருமாறு அமையலாம்.

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நேற்றைய மதுரைப் பதிப்பில், மூன்றாம் பக்கத்தில் பயிற்சி நிலையம் ஒன்றின் விளம்பரம் வெளிவந்துள்ளது. மூன்று ஆண்டுகளின் தேர்ச்சி விழுக்காடு 92, 94, 96 என அதில் பட்டைகளாகக் காட்டப்பட்டுள்ளது. அப்பட்டைகளை அளந்தேன். அவற்றின் உயரம் முறையே 1, 3, 5 செ.மீ. உள்ளது. 96ஐக் குறிக்கும் பட்டை 92ஐக் குறிக்கும் பட்டையைப்போல் ஐந்து மடங்கு உயரமாக இருக்கிறது. பட்டைகள் சுழியிலிருந்து தொடங்காமல் 91இலிருந்து தொடங்குவதே இதற்குக் காரணம். அது படத்தில் எங்கும் குறிப்பிடப்படவில்லை. சுழியிலிருந்து வரைந்தால் இவ்வுயரங்கள் 4.8, 4.9, 5 செ.மீ. என அமையும். அவ்வாறு வரைந்த படத்தை இத்துடன் இணைத்துள்ளேன்.

அச்சிட்ட எண்களை நான் ஐயுறவில்லை. ஆனால் தேர்வெழுதிய மாணவர் எத்தனை பேர் என்பது விளம்பரத்தில் இல்லை. அது தெரியாமல் இவ்விழுக்காடுகளைக் கொண்டு பெற்றோர் முடிவெடுக்க இயலாது. படத்தைத் திருத்தி, மாணவர் எண்ணிக்கையையும் சேர்த்து வெளியிடுமாறு அந்நிறுவனத்தைத் தாங்கள் கேட்க வேண்டுகிறேன். விளம்பரத்தில் வரும் பட்டைப்படங்களின் அச்சு எங்குத் தொடங்குகிறது என்பதை அச்சிடுவதற்கு முன்பே சரிபார்க்கும் முறை தங்கள் இதழில் உண்டா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்

பெயரும் முகவரியும் முழுமையாக எழுதப்பட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை; இங்கு மாதிரி என்பதால் விடப்பட்டது. இக்கடிதத்தில் நிறுவனத்தின் பெயர் இல்லாததைக் கவனிக்கலாம். பக்க எண்ணே அதை ஆசிரியருக்கு உணர்த்திவிடும். கடிதத்தின் மிக வலிமையான பகுதி அதன் சொற்களில் இல்லை. இணைப்பாக வைத்த அந்த மறுவரைவில் இருக்கிறது. ஒரே உயரத்தில் நிற்கும் மூன்று பட்டைகளை விளம்பரத்தின் அருகில் வைத்துப் பார்த்த துணையாசிரியருக்கு வேறு விளக்கம் வேண்டியிராது. இறுதிக் கேள்வியும் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. ‘திருத்துங்கள்’ என்ற வேண்டுகோளை விளம்பரப் பிரிவுக்குத் தள்ளிவிடலாம். ‘உங்களிடம் முறை உண்டா’ என்ற கேள்வியை ஆசிரியர் அவ்வாறு தள்ளமுடியாது.

இக்கடிதம் வெளிவருமா என்பது வேறு செய்தி. நாளிதழின் வருவாயில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது. முழுப்பக்கக் கட்டணம் செலுத்தியவரைக் குறைகூறும் எட்டு வரிகளை வெளியிடத் துணியும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், துணியாதவர்களும் இருக்கிறார்கள். வெளியிட்டாலும், விளம்பரம் மூன்றாம் பக்கத்தில் பேருருவாக நின்றிருக்க, கடிதம் உட்பக்க மூலையில் சிறு எழுத்தில் வரும். வெளிவராவிடில், அதே கடிதத்தையும் விளம்பரப் பக்கத்தையும் மறுவரைவையும் விளம்பரத் தர மன்றத்துக்கு அனுப்பலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் தெரிவிக்கலாம். அளவுகள் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டதால் அதற்கெனப் புதிதாக உழைக்க வேண்டியதில்லை.

பக்கத்தைக் கிழிக்காமல் நாளோடு எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே விளம்பரம் மீண்டும் வரக்கூடும். அப்போது பட்டைகளை மறுபடி அளந்து, பழைய பக்கத்தின் ஓரத்தில் குறித்த எண்களோடு ஒப்பிட்டால், கடிதம் யாரையேனும் எட்டியதா என்பது தெரிந்துவிடும்.